லோன் முன்கூட்டியே முடிக்கிறது, பாக்கி இல்லங்கற என்ஓசி லெட்டர் வாங்குறது: கேட்டவங்களுக்குப் பதில்

(நான் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியோட லோன் ஆபரேஷன்ஸ்ல பல வருஷம் இருந்தவன், இப்ப அங்க இல்ல. கேள்விகள அப்படியே போட்டிருக்கேன், ஒரே மாதிரி கேட்டதை மட்டும் விட்டுட்டேன்.)

செல்வி: அண்ணா, பர்சனல் லோன்ல ஆப்ல பேலன்ஸ் 2,40,000னு காட்டுது. கையில பணம் இருக்கு. அதை அப்படியே லோன் நம்பருக்கு அனுப்பிட்டா லோன் முடிஞ்சிடும்ல? எதுக்கு தனியா ஃபோர்க்ளோஷர் ஸ்டேட்மென்ட் கேக்கணும்?

முடியாதும்மா. ஆப்ல தெரியறது பாக்கி அசல் மட்டும்தான், லோன முடிக்கிற தொகை அது இல்ல. உங்க கணக்கையே போட்டுப் பாப்போம். வட்டி 15 சதவீதம்னு வெச்சுக்கலாம், கடைசி ஈஎம்ஐ 5ம் தேதி போயிருக்கு, நீங்க 18ம் தேதி முடிக்கணும்னு நினைக்கிறீங்க. 2,40,000க்கு ஒரு நாள் வட்டி சுமார் 98 ரூபா 63 பைசா வரும், 13 நாளுக்கு 1,282. அக்ரிமென்ட்ல முன்கூட்டி முடிக்க 4 சதவீதம் சார்ஜ்னு இருந்தா 9,600, அந்த சார்ஜுக்கு மட்டும் 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,728. எல்லாம் சேத்தா 2,52,610. எப்பவாவது ஈஎம்ஐ பவுன்ஸ் ஆகி அந்த சார்ஜ் கட்டாம கிடந்தா அதுவும் மேல ஏறும்.

இப்ப நீங்க வெறும் 2,40,000 அனுப்புனா சிஸ்டத்துக்கு நீங்க லோன முடிக்க வந்தீங்கன்னே தெரியாது. பணத்தை பார்ட் பேமென்ட்னு எடுத்துக்கும், இல்லன்னா எக்ஸஸ்னு ஒரு ஓரமா போட்டு வெச்சிருக்கும், அடுத்த மாசம் ஈஎம்ஐ வழக்கம்போல போகும், நீங்க லோன் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு அக்கவுன்ட்ல பணம் வைக்காம விட்டா பவுன்ஸ் ஆகும்.

அதனால முதல்ல லோன் நம்பர், எந்தத் தேதியில முடிக்கப் போறீங்க, ரெண்டையும் எழுதி மெயில்லயோ ஆப் ரிக்வெஸ்ட்லயோ ஸ்டேட்மென்ட் கேளுங்க. போன்ல சொன்ன தொகைய நம்பிக் கட்டாதீங்க. வந்ததும் மூணு விஷயம் பாருங்க: எந்தத் தேதி வரைக்கும் செல்லும், ஒரு நாள் தாண்டினா எவ்வளவு கூடும், எந்த அக்கவுன்டுக்குக் கட்டணும். அக்கவுன்ட் நம்பர் அந்த லெட்டர்லதான் இருக்கணும், யாரோ ஏஜென்ட் வாட்ஸ்அப்ல அனுப்புற க்யூஆருக்குக் கட்டிட்டு அப்புறம் ஓடக் கூடாது.

தினேஷ்: சார்ஜ் போடுறதே தப்பு சார். ஆர்பிஐ ஃபோர்க்ளோஷர் சார்ஜ தடை பண்ணி ரொம்ப நாளாச்சு. நீங்களே 4 சதவீதம்னு கணக்கு போட்டுக் காட்டுறீங்க.

பாதி சரி தம்பி. தனி ஆள் சொந்தத் தேவைக்கு வாங்குன, வட்டி ஏறி இறங்குற ஃப்ளோட்டிங் லோனுக்கு சார்ஜ் கூடாது, ஹோம் லோன் எடுத்தவங்க நிறைய பேர் அதுலதான் வருவாங்க. ஆனா பர்சனல் லோன், வண்டி லோன் பெரும்பாலும் ஃபிக்ஸட் ரேட்டு. அங்க அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்கோ அதை வாங்குவாங்க. 2025 ஜூலைல ஆர்பிஐ புது டைரக்ஷன்ஸ் போட்டாங்க, 2026 ஜனவரி 1லேர்ந்து சாங்ஷன் ஆகுற, ரினியூ ஆகுற லோன்களுக்கு அது. அதுலயும் சொந்தத் தேவை லோன்ல விலக்கு ஃப்ளோட்டிங்குக்குத்தான், தொழில் கடன் சிலதையும் சேத்திருக்காங்க. செல்வி சொன்னது பர்சனல் லோன், அதான் சார்ஜ் போட்டு கணக்கு காட்டினேன். அக்ரிமென்ட்லயோ, லோன் குடுக்கும்போது தர்ற கீ ஃபேக்ட்ஸ் தாள்லயோ இல்லாத சார்ஜ் ஸ்டேட்மென்ட்ல வந்தா மட்டும் விடாதீங்க, எந்த கிளாஸ்னு எழுத்துல கேளுங்க.

பிரபாகர்: லெட்டர்ல 18ம் தேதி வரைன்னு இருந்துச்சு, நான் 18 சாயங்காலம் கட்டினேன். ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. இப்ப என்ஓசி கேட்டா லோன் இன்னும் ஆக்டிவ்னு சொல்றாங்க. மோசடி தானே இது?

மோசடியான்னு அப்புறம் பாக்கலாம் சார், முதல்ல லோன் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பாருங்க. உங்க பேங்க் ஸ்டேட்மென்ட் இல்ல, லோனோடது. அதுல பணம் எந்தத் தேதியில வரவு ஆயிருக்குன்னு இருக்கும். 18 சாயங்காலம் உங்ககிட்டேர்ந்து போன பணம் அங்க 20ம் தேதி வரவு வெச்சிருந்தா, மேல போட்ட கணக்குப்படியே ரெண்டு நாள் வட்டி 197 ரூபா நிக்கும். அந்த 197 நிக்கிற வரைக்கும் லோன் குளோஸ் ஆகாது. நான் இருந்த இடத்துல இப்படி சில்லறைக்காக ஆக்டிவா கிடக்கிற ஃபைலு மாசா மாசம் லிஸ்ட்டா வரும். கஸ்டமருக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்க, அதுதான் எரிச்சல்.

தொகை சின்னதுன்னா கட்டிட்டு "லோன் குளோஸ் பண்ணுங்க, பாக்கி பூஜ்யம்னு உறுதி பண்ணுங்க"ன்னு மெயில் போட்டுடறது சீக்கிரம் முடியிற வழி. உங்க பணம் 18லயே அவங்க அக்கவுன்டுக்கு வந்ததுக்கு, பேங்க் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் தர்ற யூடிஆர் நம்பர் ஆதாரம் இருந்து, அவங்கதான் லேட்டா என்ட்ரி போட்டாங்கன்னா அந்த 197ஐயும் கட்ட வேண்டியதில்ல, யூடிஆர் குடுத்து பேக் டேட் பண்ணி வரவு வெக்கச் சொல்லுங்க. ஸ்க்ரீன்ஷாட்ட விட யூடிஆர்தான் பேசும்.

கலா (முன்னாள் பேங்க் ஊழியர்): ஒண்ணு சேத்துக்கறேன். நிறைய பேர் லோன் கட்டின அன்னிக்கே பேங்க்ல போய் ஆட்டோ டெபிட்ட கேன்சல் பண்ணிடறாங்க. அது தப்பு, லோன் குளோஸ் ஆனா அதுவே நின்னுடும்.

மேடம் சொல்றதுல முதல் பாதிக்கு ஒத்துக்கறேன், குளோஸ் ஆகலன்னா பவுன்ஸ் ஆகி கிரெடிட் ஸ்கோர் அடிபடும். ஆனா அதுவே நின்னுடும்னு நம்பி உக்காரவும் முடியாது. ஈஎம்ஐ தேதிக்கு சில நாள் முன்னாடியே டெபிட் ஃபைல் பேங்குக்குப் போயிடும். 4ம் தேதி லோன முடிச்சீங்கன்னா 5ம் தேதி ஈஎம்ஐயும் சேந்து போக நிறைய சான்ஸ் இருக்கு. அந்தப் பணம் திரும்பி வரும், ஆனா கேட்டாத்தான் வரும். அதனால ஈஎம்ஐ போய் ரெண்டு மூணு நாள் கழிச்சு ஸ்டேட்மென்ட் எடுத்து முடிக்கிறதுதான் நிம்மதி. குளோஷர் உறுதியானதும் ஆட்டோ டெபிட் மேன்டேட்ட கேன்சல் பண்ணுங்க.

கலா: ஈஎம்ஐ தேதிக்கு முன்னாடி முடிச்சா சில நாள் வட்டி மிச்சமாகுமே.

ஆகும் மேடம், இந்த லோன்ல நாளைக்கு 98 ரூபா. அதுக்காக ஒரு ஈஎம்ஐ பணத்தை மாட்டி வெச்சுட்டு மெயில் போட்டுட்டே இருக்கணுமாங்கறது அவங்கவங்க இஷ்டம்.

மாரியப்பன்: என் மச்சான் லோன் கட்ட முடியாம, கலெக்ஷன் ஆளு பேசி பாதித் தொகைக்கு முடிச்சுக் குடுத்தாங்க. என்ஓசியும் குடுத்துட்டாங்க. ஆனா இப்ப வேற லோன் கேட்டா தர மாட்டேங்கறாங்க. என்ஓசி இருந்தும் ஏன்?

அண்ணே, இங்க பேசிட்டு இருக்கறது முழுசா கட்டி முடிக்கிறத பத்தி. உங்க மச்சானோடது செட்டில்மென்ட். அவங்க குடுத்த லெட்டர்ல பாக்கி இல்லன்னு போட்டிருந்தாலும் கிரெடிட் ரிப்போர்ட்ல "செட்டில்டு"ன்னு ஏறியிருக்கும், "குளோஸ்டு" இல்ல. புது லோன் தர்றவன் அதைத்தான் பாப்பான். விட்டுப்போன தொகையக் கட்டி குளோஸ்டுன்னு மாத்தித் தரச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம். ஒத்துக்கறதா இல்லையாங்கறது அந்தக் கம்பெனி முடிவு. ஒத்துக்கிட்டா அதை எழுத்துல வாங்கிட்டுக் கட்டுங்க.

ஷாஹிதா: ஹோம் லோன் முடிச்சு ஒன்றரை மாசம் ஆச்சு. என்ஓசி மெயில்ல வந்துடுச்சு, ஆனா பத்திரம் "சென்ட்ரல் ஸ்டோரேஜ்லேர்ந்து வரணும்"னு இழுக்கறாங்க. என்ஓசி போதுமா?

போதாதும்மா. என்ஓசி சொல்றது பாக்கி இல்லங்கறது மட்டும்தான், ஒரிஜினல் பத்திரம் கைக்கு வரணும், சொத்து மேல பதிவான சார்ஜும், அதாவது கடனுக்கான பிடிப்பும், நீங்கணும். 2023 செப்டம்பர்ல ஆர்பிஐ போட்ட சர்க்குலர், அதே வருஷம் டிசம்பர் 1லேர்ந்து அமல்ல இருக்கு: முழுசா கட்டின 30 நாளுக்குள்ள ஒரிஜினல்கள திருப்பித் தரணும், பதிவான சார்ஜ நீக்கணும். தாமதம் அவங்க தப்பாலன்னா ஒரு நாளைக்கு 5,000 ரூபா உங்களுக்கு. பத்திரம் தொலைஞ்சிருந்தா டூப்ளிகேட் எடுக்க உதவணும், செலவும் அவங்களோடது, அதுக்கு இன்னும் 30 நாள் கூடுதல் டைம் உண்டு. இந்த சர்க்குலர சொல்லி, எத்தனை நாள் தாண்டிச்சுன்னு எழுதி கிரீவன்ஸ் ஆபீசருக்கு மெயில் போடுங்க. சென்ட்ரல் ஸ்டோரேஜ் திடீர்னு பக்கத்துல வந்துடும்.

30 நாள்ல பதில் இல்லன்னா, இல்ல பதில் திருப்தியா இல்லன்னா cms.rbi.org.in ல ஓம்பட்ஸ்மேன் புகார். கம்பெனிக்கு எழுதாம நேரா அங்க போனா தள்ளிடுவாங்க.

தமிழ்நாட்டு வீடுன்னா இன்னொண்ணு இருக்கு. லோன் எடுக்கும்போது சார் பதிவாளர் ஆபீஸ்ல எம்ஓடி, அதாவது பத்திரத்த அடமானமா ஒப்படைச்ச ஆவணம், பதிஞ்சிருந்தீங்கன்னா, அதை ரத்து பண்ண பேங்க் தரப்புலேர்ந்து ரசீது பத்திரம் பதியணும். அது பதியாத வரைக்கும் வில்லங்கத்துல அடமானம் நின்னுக்கிட்டே இருக்கும், விக்கப் போகும்போதுதான் பலருக்குத் தெரியும். பத்திரம் வாங்கற அன்னிக்கே இதுக்குத் தேதி கேட்டு வெச்சுக்குங்க. லோன் எடுக்கும்போது குடுத்த பேப்பர் லிஸ்ட்டக் கையில வெச்சு ஒவ்வொரு தாளா டிக் பண்ணி வாங்குங்க, தாய்ப்பத்திரம் விட்டுப்போற கதை நிறைய.

ராஜா: பைக் லோன். என்ஓசி வாங்கி பீரோல வெச்சிட்டேன். ஒரு வருஷம் ஆகுது. ஆர்சில இன்னும் ஃபைனான்ஸ் பேர் இருக்கு.

வண்டிக்கு வர்ற என்ஓசியோட ஃபார்ம் 35 சேந்து வரும், ஃபைனான்ஸ் கையெழுத்தோட. அதை ஆர்டிஓல குடுத்தாத்தான் ஆர்சில இருக்கற ஹைப்பாதிகேஷன், அதாவது ஃபைனான்ஸ் பேர், நீங்கும். என்ஓசில பொதுவா ஒரு வேலிடிட்டி போட்டிருப்பாங்க, பெரும்பாலும் 3 மாசம். உங்களோடது காலாவதி ஆயிருந்தா புதுசு கேளுங்க தம்பி.

வேணி: 2019ல முடிச்ச லோன். அப்ப என்ஓசி வாங்கல. லோன் குடுத்த கம்பெனி இப்ப வேற கம்பெனியோட சேந்துடுச்சுன்னு சொல்றாங்க. சிபில்ல லோன் இன்னும் ஓடுதுன்னு காட்டுது. யார்கிட்ட போறது?

முதல்ல சிபில் ரிப்போர்ட்ல அந்த லோன் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, அவங்ககிட்டதான் முதல் மெயில். கூடவே சிபில்லயும் டிஸ்பியூட் போடுங்க. அந்தப் புகார 30 நாள்ல தீக்கலன்னா ஒரு நாளைக்கு 100 ரூபா இழப்பீடு கேக்கலாம், 2024 ஏப்ரல்லேர்ந்து அப்படி. ஆதாரத்துக்கு 2019 பேங்க் ஸ்டேட்மென்ட்ல கடைசி பேமென்ட் பக்கம் வேணும், உங்க பேங்க்லயே எழுதிக் கேட்டு எடுக்கணும். முழுசா இணைஞ்சிருந்தா புதுக் கம்பெனி தட்டிக்கழிக்க முடியாது. ஆனா சில லோன்கள மட்டும் வித்திருந்தாங்கன்னா ஃபைல் எந்தப் பக்கம் இருக்குன்னு ரெண்டு பேருமே கை காட்டுவாங்க. ரிப்போர்ட்ல யார் பேர் வருதுன்னு பாத்துட்டு சொல்லுங்க, அதுக்கு மேல அப்ப பேசலாம்.