ஸ்பானிஷில் கதை சொல்லும்போது எந்த இறந்தகாலம்?

கேள்வி: ஸ்பானிஷ் பி1 படிக்கிறேன். பிரெடெரிட், இம்பெர்ஃபெக்ட் ரெண்டோட வாய்ப்பாடும் மனப்பாடம். ஆனா நடந்த ஒரு கதையைச் சொல்ல ஆரம்பிச்சா எங்க எதைப் போடறதுன்னு தெரியாம திணறுறேன். தமிழ் வழியா புரிஞ்சுக்க ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது. நான் அதைக் கண்டுபிடித்தது ஒரு கதவால்.

வலென்சியாவில் வாடகை வீட்டில் இருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு குப்பையைப் போடக் கீழே இறங்கினேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. சாவியும் போனும் உள்ளே. மறுநாள் வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொல்லும்போது 'லா புவெர்தா செ ஸெர்ராபா' என்றேன். அவர் புருவத்தைத் தூக்கி, "சியெம்ப்ரே?" என்று கேட்டார். எப்போதுமேவா என்று அர்த்தம். எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல் நானும் தலையை ஆட்டிவைத்தேன். இரண்டு நாள் கழித்துத் தச்சர் வந்து நின்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டியது 'செ ஸெர்ரோ'. அது பிரெடெரிட்: கதவு சாத்திக்கிச்சு. நான் சொன்ன 'ஸெர்ராபா' இம்பெர்ஃபெக்ட்: கதவு அப்பப்போ சாத்திக்கும். தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. "சின்ன வயசுல ஆத்துக்குப் போவோம், குளிப்போம், மாங்கா அடிப்போம்" என்று பழைய கதையை எதிர்கால வினையில் சொல்கிறோமே, அந்தப் 'போவோம்' அப்படியே இம்பெர்ஃபெக்ட்தான். 'போய்க்கிட்டிருந்தேன்' என்பதும் பெரும்பாலும் அதுதான். வெறும் 'போனேன்' வந்தால் பிரெடெரிட். கதையில் முக்கால்வாசி இடத்துக்கு இது போதும்.

அந்த ராத்திரியையே எடுத்துக்கொள்வோம். (ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், உச்சரிப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

'ஏரா தொமிங்கோ. ஏரான் லாஸ் நுவேபே. யோவியா.' ஞாயிற்றுக்கிழமை, மணி ஒன்பது, மழை பெய்துகொண்டிருந்தது. மூன்றும் இம்பெர்ஃபெக்ட். இதுவரை கடிகார முள் நகரவே இல்லை, மேடைக்கு விளக்கு போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். இங்கேயே நிறுத்தினால் கேட்பவர் "சரி, என்ன ஆச்சு?" என்பார். கதையை முழுக்க இம்பெர்ஃபெக்ட்டில் சொல்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். அது வந்தால் நீங்கள் எங்கே தவறினீர்கள் என்று தெரிந்துவிடும்.

அடுத்து, 'நான் படி இறங்கும்போது கதவு சாத்திக்கிச்சு'. இறங்குவது 'பஹாபா', சாத்திக்கொண்டது 'செ ஸெர்ரோ'. 'குவாந்தோ' என்ற சொல்லுக்குப் பின் எது வரும் என்று பலர் விதி தேடுகிறார்கள். அந்தச் சொல்லில் விதி எதுவும் இல்லை. 'இறங்கும்போது' என்றால் 'குவாந்தோ பஹாபா'. 'இறங்கினதும்' என்றால் 'குவாந்தோ பஹே'. முதலாவதில் நான் பாதிப் படியில் இருக்கிறேன். இரண்டாவதில் கீழே வந்துவிட்டேன், அதற்கப்புறம்தான் கதவு சாத்துகிறது. தமிழில் நீங்கள் எதைச் சொல்வீர்கள் என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டால் போதும்.

பிறகு, 'குப்பையைப் போட்டுட்டு, மேல ஏறி வந்து, கதவைத் தள்ளிப் பார்த்தேன்.' நமக்கு வினையெச்சம் இருப்பதால் கடைசி வினை மட்டும்தான் முழு இறந்தகாலம் போலத் தோன்றும். ஸ்பானிஷில் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிரெடெரிட்டாகப் பிரித்துப் போட வேண்டும்: 'தீரே, சுபீ, எம்புஹே'. போட்டேன், ஏறினேன், தள்ளினேன். ஒவ்வொரு வினைக்கும் முள் ஒரு அடி நகர்கிறது.

இனிதான் தமிழ் நம்மைக் கைவிடும் இடம்: 'இருந்தது'. 'சாவி உள்ள இருந்தது', 'ரெண்டு மணி நேரம் படியிலேயே இருந்தேன்'. நமக்கு ஒரே 'இரு'. ஸ்பானிஷில் முதலாவது 'எஸ்தாபா', இரண்டாவது 'எஸ்தூவே'. நீண்ட நேரம் நடந்தால் இம்பெர்ஃபெக்ட் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் என்று சொன்ன கணமே இரண்டு பக்கமும் வேலி போட்டாயிற்று, ஆரம்பமும் முடிவும் உள்ளே வந்துவிட்டன. அதனால் பிரெடெரிட். இரண்டு மணி நேரத்துக்குப் பதில் பத்து வருஷம் என்றாலும் அதேதான். மாட்ரிட்டில் பத்து வருஷம் வாழ்ந்து முடித்தவர் 'பிவீ தியெஸ் ஆஞ்யோஸ்' என்பார். ராத்திரி முழுக்க மழை பெய்தது என்றால் 'யோவியோ', நான் இறங்கும்போது மழை என்றால் 'யோவியா'.

அதே இரண்டு மணி நேரத்தை நடுவிலிருந்து பார்த்தால் காலம் மாறிவிடும். 'நான் படியில் இருந்தப்போ பக்கத்து வீட்டம்மா வந்தாங்க' என்பதில் 'இருந்தப்போ' 'எஸ்தாபா', 'வந்தாங்க' 'யேகோ'. நான் உட்கார்ந்திருந்தது ஒரே உட்காரல்தான். முழுசாக மூட்டை கட்டிச் சொல்கிறேனா, அதற்குள் நின்று சொல்கிறேனா என்பதுதான் வித்தியாசம்.

பாடப்புத்தகம் கடைசி அத்தியாயத்தில் பயமுறுத்துகிற ஒரு விஷயம் உண்டு: சில வினைகள் பிரெடெரிட்டில் அர்த்தம் மாறும் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். நமக்கு அந்தப் பட்டியலே தேவையில்லை. பக்கத்து வீட்டம்மாவிடம் மாற்றுச் சாவி ஒன்று இருந்தது. 'அவங்ககிட்ட சாவி இருக்கிறது எனக்குத் தெரியாது', இது 'நோ சபீயா'. 'பதினொரு மணிக்குத்தான் தெரிஞ்சது', இது 'சூபே'. 'தெரியாது' நிலை, 'தெரிஞ்சது' நிகழ்ச்சி. நாம் குழந்தையிலிருந்து பிரித்துத்தான் பேசுகிறோம். 'அப்போ எனக்கு சேமியா பிடிக்கும்' என்றால் 'மெ குஸ்தாபா', 'நேத்துப் பார்த்த படம் பிடிச்சது' என்றால் 'மெ குஸ்தோ'. தள்ளிப் பார்த்தும் கதவைத் திறக்க முடியவில்லை என்றால் 'நோ பூதே', முயன்று தோற்றாயிற்று. சாவி இல்லாமல் திறக்க முடியாத நிலையில் இருந்தேன் என்றால் 'நோ போதீயா'.

ஒரு எச்சரிக்கை. ஸ்பெயினில் பெரும்பாலான இடங்களில் இன்று நடந்ததைச் சொல்லப் பிரெடெரிட்டை விட 'செ ஆ ஸெர்ராதோ' என்ற இன்னொரு காலத்தைத்தான் பயன்படுத்துவார்கள். அன்று இரவே போன் கிடைத்துச் சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொன்னதால் 'ஸெர்ரோ'. லத்தீன் அமெரிக்காவில் பல நாடுகளில் இன்று நடந்ததற்கும் பிரெடெரிட்டே ஓடும்.

தச்சர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கதவில் ஒரு குறையும் இல்லை. வந்ததற்குக் கீல்களுக்கு எண்ணெய் விட்டுப் போனார். அதற்கப்புறம் லேசாகக் காற்று அடித்தாலே கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். இப்போது நிஜமாகவே 'செ ஸெர்ராபா'.