கடைசி டிராப் முதல்ல ஏறணும், சரி. வெயிட் அதுக்கு ஒத்துக்கலன்னா?

கேள்வி: "சின்ன லோடு வண்டில ஒரே டிரிப்ல அஞ்சு ஆறு இடத்துக்கு சரக்கு போடுறேன். கடைசில இறக்குறத முதல்ல ஏத்தணும்னு சொல்றாங்க, அப்படியே ஏத்துனா வெயிட் எல்லாம் பின்னாடி வந்து வண்டி ஆடுது. எப்படி ஏத்துறது?"

உங்க பிரச்சினை புரியுது, நானும் இதுல அடிபட்டு வந்தவன் தான். முதல் டிராப் கனமான சரக்கா இருந்து கடைசி டிராப் லேசா இருந்தா, சொன்ன வாக்க அப்படியே புடிச்சுட்டு ஏத்துனா வண்டியோட பேலன்ஸ் கெட்டுப்போகும். அதனால "கடைசில இறக்குறது முதல்ல"ங்கறத நான் வேற மாதிரி மனசுல வச்சிருக்கேன். அப்பறமா இறங்க வேண்டிய சரக்கு, அதுக்கு முந்தி இறங்க வேண்டிய சரக்குக்கு மேலயும் இருக்கக்கூடாது, அத எடுக்குற வழியிலயும் நிக்கக்கூடாது. அவ்வளவு தான் ரூல். பின்கதவுக்கு எவ்வளவு கிட்ட இருக்குங்கறது கணக்கே இல்ல, கைக்கு எட்டுற வழி இருக்காங்கறது தான் கணக்கு. வண்டில வழி பின்னாடி மட்டும் இல்ல, பக்கப் பலகை இறங்குற வண்டின்னா ரெண்டு பக்கமும் வழி இருக்கு, மேலயும் வழி இருக்கு.

ஒரு லோட எடுத்துக்கிட்டு பாப்போம், அப்ப தான் விளங்கும். பாடி நீளம் 7 அடின்னு வச்சுக்கோங்க. முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல தூரமும் ஏறக்குறைய 7 அடி. பின் ஆக்சில் பாடியோட பின் ஓரத்துலருந்து 2 அடி உள்ள இருக்கு. முதல் டிராப் 12 டைல்ஸ் பெட்டி, ஒண்ணு 25 கிலோ, மொத்தம் 300 கிலோ. ரெண்டாவது 4 மோட்டார், 60 கிலோ. மூணாவது 4 மூட்டை பைப் ஃபிட்டிங்ஸ், அதுவும் 60 கிலோ. நாலாவது 5 பெயிண்ட் பக்கெட், 150 கிலோ. அஞ்சாவது 10 ஃபேன் பெட்டி, மொத்தமே 50 கிலோ. ஆக 620 கிலோ, 750 கிலோ ஏத்தலாம்னு இருக்குற வண்டிக்கு இது ஒண்ணும் பெரிய லோடு இல்ல.

சொன்ன வரிசைப்படி ஏத்துனா ஃபேன் கேபின ஒட்டி போகும், டைல்ஸ் கடைசியா பின்கதவுகிட்ட வந்து உக்காரும். அதாவது ஆக்சில தாண்டி ஒரு அடி பின்னால 300 கிலோ. இது சீசா பலகை மாதிரி தான், பின் ஆக்சில் தான் நடு முளை. 300ஐ 1 அடியால பெருக்கி 7 அடியால வகுத்தா 43 கிலோ வருதா, அவ்வளவு எடை முன் வீல்லருந்து கழண்டு போகுது, பின் ஆக்சில் 300க்கு பதிலா 343 கிலோ தாங்குது. அதே டைல்ஸ ஆக்சிலுக்கு 2 அடி முன்னால வச்சா 86 கிலோ முன் வீலுக்கு கூடுது. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் 130 கிலோ கிட்ட. சின்ன வண்டிக்கு முன் வீல்ல 130 கிலோங்கறது சாதாரணம் இல்ல. ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசா திரும்புதா, திருப்புன உடனே வண்டி திரும்பாம ஒரு நொடி கழிச்சு திரும்புதா, வேகத்தடை ஏறி இறங்குறப்ப மூக்கு தூக்கி தூக்கி ஆடுதா, ராத்திரில ஹெட்லைட் எதிர வர்றவங்க கண்ணுல அடிக்குதா, இதெல்லாம் வெயிட் பின்னால போயிருச்சுங்கறதுக்கு அடையாளம். நீங்க சொல்ற ஆட்டமும் இதுவா தான் இருக்கும்.

இப்ப நான் எப்படி ஏத்துவேன்னு சொல்றேன். முதல்ல ஃபேன் பெட்டி, கேபின் பக்க பலகைய ஒட்டி இடது பாதில தரையிலருந்து மேல. அதுக்கு பக்கத்துல வலது பாதில பெயிண்ட் பக்கெட், ஒண்ணு மேல ஒண்ணு வைக்காம தரையில. ஃபேன தூக்கி பெயிண்ட் மேல வைக்க ஆசையா இருக்கும், இடம் மிச்சம் ஆகும்னு தோணும், ஆனா பெயிண்ட் நாலாவது டிராப் ஃபேன் அஞ்சாவது, மேல வச்சா நாலாவது இடத்துல பத்து பெட்டியையும் இறக்கி ஏத்தணும். ரெண்டும் தனித்தனி நிரையா நின்னா ஒண்ண தொடாம இன்னொண்ண எடுத்துரலாம்.

அதுக்கு பின்னால, பாடில முன்னாலருந்து ரெண்டரை அடி தள்ளி, டைல்ஸ். பெட்டிய படுக்க வைக்காதீங்க, விளிம்பு மேல நிக்க வைங்க, ஒண்ணோட ஒண்ணு நெருக்கமா. படுக்க வச்சா அடியில இருக்கறது குலுங்கற குலுக்குல விரிசல் விடும். இடது பக்கம் 6, வலது பக்கம் 6, அப்ப தான் வண்டி ஒரு பக்கம் சாயாது. இது தான் முதல் டிராப், இது நடுவுல இருக்கே எப்படி எடுக்கறதுன்னா, பக்கப் பலகைய இறக்கி எடுக்கணும். ஓரமா நிறுத்தி ரோட்டு பக்கம் இல்லாத பலகைய இறக்கி அந்த 6 பெட்டிய எடுத்துட்டா, மிச்ச 6க்கு காலியான இடத்துல ஏறி நின்னு எடுத்துரலாம், ட்ராஃபிக் பக்கம் பலகைய தொடவே வேணாம்.

டைல்ஸுக்கு பின்னால ஃபிட்டிங்ஸ் மூட்டை, கடைசில பின்கதவ ஒட்டி மோட்டார். இந்த ரெண்டும் சேத்து 120 கிலோ தான், மூட்டை ஆக்சிலுக்கு மேல வந்துரும், 60 கிலோ மோட்டார் மட்டும் தான் அத தாண்டி நிக்கும், அதனால பின்னால இருந்தா பரவால்ல.

இதுல ஒரு ஆபத்து ஒளிஞ்சிருக்கு. சடன் பிரேக் அடிச்சா 300 கிலோ டைல்ஸ் முன்னால பாயும், முன்னால இருக்கறது அட்டைப்பெட்டில ஃபேன். அதனால டைல்ஸுக்கும் முன்னால இருக்கறதுக்கும் நடுவுல பாடி அகலத்துக்கு ஒரு கெட்டியான பிளைவுட் பலகைய நிறுத்தணும். அது போதாது, டைல்ஸ சுத்தி ரோப் போட்டு ரெண்டு பக்க கொக்கியிலயும் பின்னோக்கி இழுத்து கட்டணும். ரோப் தான் தாங்குது, பலகை அழுத்தத்த பரப்பி விடுது. ரோப் இல்லாம பலகைய மட்டும் நம்புனா ஃபேன் பெட்டி நசுங்குறது உறுதி.

மூடுன பாடி, பின்கதவு மட்டும் தான் வழின்னா? அப்பவும் டைல்ஸ நடுவுல தான் வைப்பேன். மூட்டையையும் மோட்டாரையும் டைல்ஸுக்கு பின்னால வச்சுட்டு, முதல் டிராப்ல அந்த எட்டு உருப்படிய கீழ இறக்கி திரும்ப ஏத்துவேன். தெரிஞ்சே ஒரு தடவை ரூல மீறுறோம், எட்டே எட்டு உருப்படி, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது, அதுக்காக டைல்ஸ பின்கதவுல வைக்கறது நியாயம் இல்ல. ஆனா கீழ இறக்குனத எண்ணிட்டு திரும்ப ஏத்தணும். நான் ஒரு தடவை மழை வர்ற அவசரத்துல எண்ணாம ஏத்திட்டு கிளம்பிட்டேன், ஒரு பெட்டி கடை வாசல்லயே நின்னுருச்சு, அடுத்த இடத்துல போய் தேடுறேன் தேடுறேன் காணோம். திரும்பி போய் பாத்தா அது நனைஞ்சு அட்டை பிரிஞ்சு கிடக்கு. அன்னைக்கு எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா போச்சு, அதுலருந்து இறக்குன உருப்படிய விரல் வச்சு எண்ணாம பின்கதவ சாத்தறதே இல்ல.

ஏத்துறத பத்தி தான் எல்லாரும் பேசுறாங்க, ஒவ்வொரு டிராப்புக்கு அப்பறமும் வண்டிக்குள்ள என்ன ஆகுதுன்னு யாரும் சொல்றதில்ல, எனக்கு இது தான் முக்கியமா படுது. டைல்ஸ் இறங்குன உடனே நடுவுல பள்ளம் விழுந்துருச்சு பாருங்க. பின்னால மோட்டார், முன்னால ஃபேன், நடுவுல காலி. இப்ப பிரேக் அடிச்சா மோட்டார் வழுக்கிட்டு முன்னால ஓடும், மேடு ஏறுனா ஃபேன் அடுக்கு பின்னால சரியும், ஏன்னா அதுக்கு முட்டு கொடுத்துட்டு இருந்ததே டைல்ஸ் தான். அதனால முதல் டிராப் முடிஞ்ச உடனே மூட்டைய முன்னால தள்ளி பலகைய ஒட்டி வைங்க, மோட்டார அதுக்கு பின்னால ஒட்டி வைங்க, அதே ரோப்ப இப்ப இதுக்கு போட்டு இழுத்து கட்டுங்க. ஃபேன் பெட்டிய ஏத்துறப்பவே செங்குத்தா சுவர் மாதிரி அடுக்காம படிக்கட்டு மாதிரி, முன்னால உயரம் பின்னால தாழ்வுன்னு அடுக்கிட்டா முட்டு போனாலும் சரியாது. மூட்டை இறங்குனப்பறம் பெயிண்ட் பக்கெட்டும் ஒருக்கா தொட்டு ஆட்டி பாருங்க, பலகை இன்னும் நெருக்கமா நிக்குதான்னு.

அடுத்தது கடை பூட்டி இருக்கறது. ரெண்டாவது டிராப்புல ஆள் இல்லன்னா அந்த மோட்டார் வழியிலயே நிக்கும், அதுக்கப்பறம் ஒவ்வொரு இடத்துலயும் அத நகத்தி நகத்தி தான் எடுக்கணும். இதுக்கு தான் நான் பின்கதவுகிட்ட ஒரு ஓரத்துல ரெண்டு அடிக்கு ஒண்ணரை அடி இடத்த வேணும்னே காலியா விடுவேன். இறங்காத சரக்கு, திருப்பி தர்ற சரக்கு, காலி பெட்டி எல்லாம் அங்க போகும். கிளம்பறதுக்கு முன்னால முதல் மூணு இடத்துக்கு மட்டுமாவது போன் போட்டு கேட்டுருங்க, எல்லாருக்கும் போட முடியலன்னாலும் முதல் மூணு தான் வழிய மறிக்கற சரக்கு.

அப்பறம் நம்பர். பில்லு எந்த வரிசைல வருதோ அந்த வரிசைல தான் லோடுமேன் எடுத்து ஏத்துவாரு, அவர் மேல தப்பு இல்ல. அதனால ஒரு தாள்ல தலைகீழா, 5 மேலயும் 1 கீழயுமா நான் கையால எழுதி அவர்கிட்ட கொடுத்துருவேன். நடுவுல ஏறுற டைல்ஸ மட்டும் வட்டம் போட்டு, பெயிண்டுக்கு அடுத்துன்னு அம்புக்குறி. ஒவ்வொரு பெட்டிலயும் மார்க்கர்ல டிராப் நம்பர பெருசா எழுதுவேன், பெட்டி மேல மூடில இல்ல, எந்த வழியா எடுக்கப் போறோமோ அந்தப் பக்கம் பாத்த மாதிரி. மூடில எழுதுனா அடுக்குனப்பறம் எதுவுமே தெரியாது. ஒரே மாதிரி அட்டைப்பெட்டி அடுத்தடுத்த ரெண்டு டிராப்புக்கு போகுதுன்னா நடுவுல ஒரு அட்டைய செருகிருங்க, இல்லன்னா அவசரத்துல அடுத்தவரோட பெட்டி இறங்கிரும், அது அந்த ஆள் எண்ணி பாத்து சொல்ற வரைக்கும் நமக்கு தெரியாது.

நீளமான பைப், ராடு இந்த கணக்குக்கு அடங்காது, அது முன்னாலருந்து பின்னால வரைக்கும் எல்லா டிராப்பையும் கடந்து கிடக்கும். அத ஒரு ஓரமா பக்கப் பலகைய ஒட்டி தரையில போட்டு தனியா கட்டிருங்க, அது மேல எதையும் வைக்காதீங்க. அந்தப் பக்க பலகைய இறக்கி சரக்கு எடுக்கற எண்ணம் இருந்தா எதிர் ஓரத்துல போடுங்க.

உங்க லோட்ல முதல் டிராப் தான் கனமா, இல்ல நடுவுல ஏதாவது கனமா இருக்கா, பாடி திறந்ததா மூடுனதா, இத கமென்ட்ல சொல்லுங்க, எந்த இடத்துல வைக்கலாம்னு சேந்து பாப்போம்.