சப்ளை பிளானர் கவர் லெட்டர்: எதை மாற்றுவது?

“லாஜிஸ்டிக்ஸ் இப்பதான் முடிச்சேன், சப்ளை பிளானர் வேலைக்கு அனுப்பின கவர் லெட்டருக்குப் பதிலே வரலை, எதை மாத்தணும்?”

இரண்டாவது பத்தியை. கிடங்கு, போக்குவரத்து என்று படித்த பாடங்களை அடுக்கியிருப்பீர்கள், ஆனால் பிளானரிடம் எதிர்பார்ப்பது எப்போது, எவ்வளவு ஆர்டர் போடுவது என்ற கணக்கு. அதனால் பிராஜெக்ட்டில் செய்த ஒரு கணக்கை அங்கே வையுங்கள்: “நாள் விற்பனை 40, சரக்கு வர 7 நாள், பாதுகாப்பு இருப்பு 120, இருப்பு 400-ஐத் தொட்டதும் ஆர்டர்.” அந்த 120 எப்படி வந்தது என்றும் ஒரு வரி, அதைத்தான் நேர்காணலில் குடைவார்கள்.

அப்புறம், பதவிப் பெயரை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்கும் அதே லெட்டர் பொருந்தினால் இன்னும் சரியாகவில்லை.

எஸ்ஏபி மென்பொருளை வகுப்பில் பார்த்தது மட்டும்தான் என்றால் அப்படியே எழுதுங்கள், ‘அனுபவம்’ என்று போடாதீர்கள்.