மாசாந்திர மீட்டப்புக்கு என்ன பேரு?

"எங்க ஃபீல்டு ஆளுங்களுக்கு மாசாமாசம் மீட்டப் நடத்தப்போறோம், அறிவிக்க ஈசியா என்ன பேரு வைக்கலாம்?"

நடக்குற கிழமையவே பேரா வச்சிடுங்க. 1998ல லண்டன்ல ஆரம்பிச்ச ஒரு டெக் மீட்டப்புக்கு பேரு 'ஃபர்ஸ்ட் டியூஸ்டே', பேரைச் சொன்னாலே எப்போன்னு தெரிஞ்சிடும், தேதிய தனியா ஞாபகம் வச்சுக்க வேண்டாம். நீங்களும் 'முதல் செவ்வாய்'னு வச்சா, மாசாமாசம் 'முதல் செவ்வாய் 14'னு எத்தனாவது மீட்டப்புங்கிற நம்பரும் தலைப்பும் மட்டும் மாத்தினா போதும், அறிவிப்பு ரெடி.

'கடைசி வியாழன்' மட்டும் வேண்டாம்ங்க, அஞ்சு வியாழன் வர்ற மாசத்துல சிலர் நாலாவது வியாழனே வந்து நிப்பாங்க. ஆனா ஹால் அந்தக் கிழமையில நிரந்தரமா கிடைக்கும்னு உறுதியான பிறகு பேரை வைங்க, கிழமை மாறினா பேரே தப்பாயிடும். கடைசியா பேரை போன்ல ஒருத்தர்கிட்ட சொல்லி டைப் பண்ணச் சொல்லுங்க, ஸ்பெல்லிங் கேட்டாங்கன்னா மாத்திடுங்க.