பணம் கட்டியும் பொருள் வரவில்லை: புகார்க் கடிதம் எப்படி எழுதுவது?

“ஆகஸ்ட் 4ஆம் தேதி ஓர் இணையக் கடையில் 189 வெள்ளிக்கு கிரைண்டர் வாங்கி, பேநவ் மூலம் பணம் கட்டினேன். 13ஆம் தேதிக்குள் வரும் என்றார்கள். ஐந்து வாரமாகியும் வரவில்லை. பயனீட்டாளர் சங்கத்துக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?”

எழுதுமுன் யார்மீது புகார் என்பதை உறுதிசெய்யுங்கள். இணையத்தில் தெரியும் கடைப்பெயர் ஒன்று, பதிவான நிறுவனம் வேறொன்று என்பது சர்வசாதாரணம். பேநவ் ரசீதைத் திறந்து பாருங்கள். பணம் நிறுவனத்தின் பதிவு எண்ணான யூஇஎன் எண்ணுக்குப் போயிருந்தால், அதை சிங்கப்பூரில் நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடினால் பதிவுப்பெயரும் நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும். யாரோ ஒருவரின் கைப்பேசி எண்ணுக்குப் போயிருந்து, கடையும் பதிலே தரவில்லை என்றால் மோசடியாக இருக்கலாம். கடிதம் பிறகு, உடனே வங்கிக்குச் சொல்லிவிட்டுப் போலீசில் புகார் கொடுங்கள்.

நிறுவனம் உண்மையானது என்றால், கடைக்கே முதலில் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பணத்தைத் திருப்பித் தர ஒரு தேதி கொடுங்கள். வாட்ஸ்அப்பில் “எப்ப வரும்?” என்று பத்து முறை கேட்டதைவிட இந்த ஒரு மின்னஞ்சலுக்கு மதிப்பு அதிகம். பணம் கேட்டீர்கள், அவர்கள் தரவில்லை என்பதற்கு அதுதான் சான்று. கெடு தாண்டியதும் ‘கேஸ்’ எனப்படும் பயனீட்டாளர் சங்கத்துக்கு இப்படி எழுதலாம்:

“ஆகஸ்ட் 4ஆம் தேதி (பதிவுப்பெயர், யூஇஎன்) நிறுவனத்திடம் ஒரு கிரைண்டருக்கு 189 வெள்ளி செலுத்தினேன். ஆகஸ்ட் 13க்குள் அனுப்புவதாக உறுதியளித்தனர். பொருள் வரவில்லை. செப்டம்பர் 8ஆம் தேதி மின்னஞ்சலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு, 15ஆம் தேதி வரை அவகாசம் கொடுத்தேன். பணம் வரவில்லை. முழுத் தொகையான 189 வெள்ளியைப் பெற்றுத்தர உதவ வேண்டும். ஆர்டர் உறுதிச்சீட்டு, பேநவ் ரசீது, மின்னஞ்சல் நகல் இணைப்பில்.”

இவ்வளவு போதும். பலர் கடைசி வரியில் தடுமாறுகிறார்கள்: பணமும் வேண்டும், பொருளும் வேண்டும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் வேண்டும் என்று எழுதினால், பேச்சுவார்த்தை எதைப் பற்றி என்பதே குழம்பிவிடும். ஒன்றை மட்டும் கேளுங்கள். “ஏமாற்றுக்காரர்கள்” என்ற சொல்லும் வேண்டாம். தேதிகளே அதைச் சொல்லும்.

கேஸ் உங்களுக்காகக் கடையிடம் பேசும், சமரசத்துக்கு வழிசெய்யும். பணத்தைக் கொடு என்று உத்தரவிட அதற்கு அதிகாரமில்லை. கடை மசியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். இணையத்திலேயே மனுச் செய்யலாம், வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். உங்கள் தொகைக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி. அங்கேயும் இதே கடிதமும் இதே மூன்று இணைப்புகளும்தான் அடிப்படை ஆவணங்கள்.