அடுக்குமாடி வீட்டில் மீனும் இறாலும் சுத்தம் செய்தல்

“ஊரில் மீனை வெட்டித் தருவார்கள். இங்கே முழு மீனும் ஓட்டோடு இறாலும்தான் கிடைக்கின்றன. வீடெல்லாம் வாடை தங்காமல் நானே சுத்தம் செய்வது எப்படி?”

வாடை சதையிலிருந்து மட்டும் வருவதில்லை. செவுள், குடல், முதுகெலும்பை ஒட்டிப் படிந்திருக்கும் இரத்தம் ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் செதில். மீனைப் பெரிய பாலித்தீன் பைக்குள் வைத்து, கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டினால் செதில் சுவரெங்கும் தெறிக்காது. பிறகு வயிற்றுக்கடியிலுள்ள துளையில் தொடங்கி தலைவரை கத்தரிக்கோலால் மேலோட்டமாக வெட்டுங்கள். ஆழமாக வெட்டினால் பித்தப்பை உடைந்து, அந்தப் பச்சை நீர் பட்ட இடமெல்லாம் கசக்கும். உடைந்துவிட்டால் உடனே கழுவி, கறை படிந்த சதையைச் சீவிவிடுங்கள். குடலை எடுத்தபின், செவுளை இரு முனைகளிலும் வெட்டி இழுத்துவிடலாம். அதன் பின் செய்ய வேண்டியதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: வயிற்றுக்குள் முதுகெலும்பை மூடியிருக்கும் மெல்லிய சவ்வைக் கீறி, அடியிலுள்ள கருஞ்சிவப்பு இரத்தத்தைக் கரண்டி நுனியாலோ பழைய பல் துலக்கியாலோ முழுவதும் தேய்த்து எடுக்க வேண்டும். சில மீன்களின் வயிற்றுச் சுவரில் இருக்கும் கறுப்புத் தோலையும் உரித்துவிடுங்கள். கழுவுவதற்குக் குளிர்ந்த நீரே வேண்டும்.

எஞ்சும் வாடைக்குக் காரணம் டிரைமெத்தில் அமீன் என்னும் காரத்தன்மையுள்ள வேதிப்பொருள். எலுமிச்சையோ வினிகரோ புளித்தண்ணீரோ சேர்ந்தால் அது உப்பாக மாறி, ஆவியாகி மூக்கை எட்டுவது குறைகிறது. ஐந்து நிமிடம் தடவி வைத்துக் கழுவினால் போதும். அதிக நேரம் ஊறினால் சதை வெளுத்து இறுகிவிடும். ஆனால் இது புதிய மீனுக்கான வழி. அம்மோனியா நெடி மூக்கைக் குத்தும் மீனை எந்தப் புளிப்பும் மீட்காது, அதை எறிந்துவிடுங்கள்.

இறாலின் முதுகில் தெரியும் கறுப்பு இழையை நரம்பு என்கிறோம். உண்மையில் அது குடல். ஓட்டோடு சமைப்பதானால் இறாலை வளைத்துப் பிடித்து, தலைக்குப் பின் இரண்டாம் மூன்றாம் ஓட்டு வளையங்களுக்கு இடையே பல்குத்தியை நுழைத்து, இழையைத் தூக்கி மெதுவாக இழுக்கலாம். அறுந்தால் அடுத்த இடைவெளியில் மீண்டும் முயலுங்கள். உரித்ததானால் முதுகில் மேலோட்டமாக ஒரு கீறல் போதும். உறைந்த இறாலை அரைகுறையாக உருகிய நிலையில் எடுத்தால் குடல் விறைப்பாக இருந்து அறுபடாமல் வரும். இழை நிறமின்றி இருந்தால் குடல் வெறுமையாக உள்ளது என்று பொருள். அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. வயிற்றுப்பக்கத்தில் உள்ள இழைதான் உண்மையான நரம்பு. அதில் மண் இருக்காது.

கழிவை இறுகக் கட்டி, குப்பை எடுக்கும் நாள்வரை ஃப்ரீஸரில் வையுங்கள். அடைத்த வீட்டில் வாடை தங்குவது பெரும்பாலும் குப்பைத் தொட்டியால்தான்.