இன்சுலின் இடைவேளை கேட்டு மேனேஜருக்குக் கடிதம்

“கால் சென்டரில் வேலை. சுகர் பார்க்கவும் இன்சுலின் போடவும் இடைவேளை கேட்டு எப்படி எழுதுவது?”

நோயை விளக்காமல் நேரத்தைத் தெளிவாக எழுதுங்கள்:

“ஐயா, எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். மதியச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பு சுகர் பார்த்து இன்சுலின் போட 10 நிமிடம் வேண்டும். ஊசி போட்டபின் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. மாலை 4 மணிக்குச் சுகர் பார்க்க 5 நிமிடம் போதும். மருத்துவர் சான்று இணைத்துள்ளேன்.”

அப்புறம் பலர் விட்டுவிடும் வரி இது, கட்டாயம் சேருங்கள்: “கை நடுங்கி வியர்த்து, சுகர் 70-க்குக் கீழே போனால் உடனே அழைப்பை வேறொருவரிடம் மாற்றிவிட்டு 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதற்கு முன்கூட்டியே நேரம் சொல்ல முடியாது.”

மின்னஞ்சலில் அனுப்பி, எச்.ஆருக்கும் நகல் போடுங்கள்.